அலமாரிப் படத்தைப் பார்த்து எது எந்தப் பசை, எது எந்த டேப் என்று கண்டுபிடிப்பது எப்படி?

வீட்டில் ரிப்பேர் சாமான் வைக்கும் பலகையைப் படமெடுத்து அனுப்பி, "இதுல எத எடுத்து ஒட்டுறது?" என்று கேட்பவர்கள் இப்போது நிறைய. படத்தில் பாதி டியூப் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும், மீதிப் பாதியில் லேபிள் உரிந்திருக்கும். இந்த வேலைக்குப் புதியவர்கள் முதலில் நிறத்தைப் பார்க்கிறார்கள், பிறகு பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரைப் படிக்கிறார்கள். இரண்டுமே அவ்வளவாக உதவாது. ஒரே கம்பெனி பத்து வகைப் பசை விற்கிறது. வெள்ளை நிறத்திலோ எல்லா வகையும் வருகிறது.

முதலில் பார்க்க வேண்டியது டப்பாவை. பசை எப்படி இறுகுகிறதோ அதற்கேற்றபடிதான் அதை அடைத்து வைக்க முடியும். தண்ணீர் ஆவியாகி இறுகும் பசையைச் சாதாரணப் பிளாஸ்டிக் டப்பாவில் வைக்கலாம். காற்றின் ஈரம் பட்டு இறுகுவதை அப்படி வைத்தால் டப்பாவுக்குள்ளேயே கல்லாகிவிடும். ஆகவே லேபிளே இல்லாவிட்டாலும், டப்பாவின் பொருளும் வடிவமும் மூக்கும் உள்ளே இருப்பது எந்தக் குடும்பம் என்று சொல்லிவிடும்.

முதலில் படம் சரியாக வரட்டும்

ஒரே படத்தை வைத்து முடிவு சொல்லாதீர்கள். குறைந்தது மூன்று படம் கேளுங்கள். முதலாவது, பலகை முழுவதும் தெரியும் படம். ஃபிளாஷ் வேண்டாம், பளபளப்பான டியூப்பில் வெள்ளைத் திட்டு விழுந்து எழுத்து மறையும். பகல் வெளிச்சம் போதும். இரண்டாவது, ஒவ்வொரு டப்பாவையும் திருப்பி, பின்பக்கத்துச் சின்ன எழுத்து தெரியும்படி ஒரு படம். மூன்றாவது, மூடியைக் கழற்றி, மூக்கின் நுனியில் காய்ந்து ஒட்டியிருப்பது தெரியும்படி கிட்டத்தில் ஒன்று. இந்த மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். எனக்கு அதுதான் முக்கியம்.

டேப் ரோல்களுக்குப் பக்கவாட்டிலிருந்து ஒரு படமும், நுனியைச் சற்று உரித்துவைத்து ஒரு படமும் வேண்டும். பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைக்கச் சொல்லுங்கள். அதன் விட்டம் 27 மில்லிமீட்டர். அதோடு ஒப்பிட்டால் டேப்பின் அகலம் 12 மில்லிமீட்டரா, 18-ஆ, 48-ஆ என்று கண்ணாலேயே தெரியும். டேப்பில் அகலம் பாதி அடையாளம்.

டப்பாவைப் படிப்பது

வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பா அல்லது அமுக்கும் பாட்டில், வாயோரத்தில் காய்ந்த பசை கண்ணாடித்தாள் மாதிரி மங்கலாகத் தெரிகிறது. இது தண்ணீர் ஆவியாகி இறுகும் வெள்ளைப் பசை, தச்சர்கள் பயன்படுத்தும் ஃபெவிகால் வகை. மரம், பிளைவுட், அட்டை, துணி என்று தண்ணீரை உறிஞ்சும் பொருளில் பிடிக்கும். இரண்டு பக்கமும் பிளாஸ்டிக்கோ உலோகமோ என்றால் தண்ணீர் வெளியேற வழியில்லை, பிடிக்காது. சாதாரண வகை நனையும் இடத்துக்கும் ஆகாது.

தகர டப்பா, அதில் தீப்பற்றும் என்ற நெருப்புக் குறி. இது கரைப்பான் ஆவியாகி இறுகும் கூட்டம். அதில் வீட்டுப் பலகையில் அடிக்கடி பார்ப்பது இரண்டு. ஒன்று, செருப்பு, ரெக்ஸின், மைக்கா ஒட்டும் ரப்பர் பசை. தேன் நிறத்தில் இருக்கும், மூடியைத் திறந்தால் நூல் நூலாக இழுபடும். மற்றது, குழாய் ஒட்டும் சால்வென்ட் சிமெண்ட். இதன் சிறிய டப்பாக்களில் மூடியின் அடியிலேயே ஒரு பிரஷ்ஷோ பஞ்சு உருண்டையோ தொங்கும். மூடியைத் தூக்கி ஒரு படம் கேட்டால் இரண்டையும் பிரித்துவிடலாம்.

குழாய்ப் பசை என்று தெரிந்ததோடு விட்டுவிடக் கூடாது. வெள்ளை நிற யூ.பி.வி.சி. குழாய்க்கு ஒன்று, சுடுதண்ணீர் போகும் இளமஞ்சள் சி.பி.வி.சி. குழாய்க்கு வேறொன்று. சி.பி.வி.சி. பசை பெரும்பாலும் மஞ்சளாக இருக்கும் என்றாலும் நிறத்தை நம்பி முடிவெடுக்க வேண்டாம். பின்பக்கச் சின்ன எழுத்தில் தர எண்ணைத் தேடுங்கள்: ஏ.எஸ்.டி.எம். எஃப் 493 என்றிருந்தால் சி.பி.வி.சி.; டி 2564 என்றிருந்தால் பி.வி.சி., அதாவது வெள்ளைக் குழாய்க்கானது. பி.வி.சி. பசையால் ஒட்டிய சுடுதண்ணீர் இணைப்பு முதல் நாள் கசியாமல் நின்று, சூடும் அழுத்தமும் ஏற ஏற விட்டுக்கொடுக்கும்.

விரல் நுனி அளவு அலுமினியக் குட்டி டியூப் என்றால் அது பெரும்பாலும் சயனோஅக்ரிலேட், அதாவது ஃபெவிக்விக் குடும்பம். பொருளின் மேலுள்ள ஈரம் பட்டு நொடிகளில் இறுகும், அதனால்தான் உலோகத்தில் முத்திரை வைத்து அடைக்கிறார்கள். மூக்கைச் சுற்றி வெள்ளைப் பூசணம் போலப் படிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், அது இந்தப் பசையின் ஆவி படிந்த தடம். கேமரா லென்ஸ், மூக்குக்கண்ணாடி பக்கத்தில் இதைப் பயன்படுத்தினால் அந்த வெள்ளை அங்கேயும் படியும்.

ஜோடியாக இருந்தால் இரு பாக எபாக்ஸி: அரால்டைட் போல இரண்டு டியூப்களாகவோ, இரட்டைச் சிரிஞ்சாகவோ, எம்-சீல் போல இரண்டு நிறக் கட்டிகளாகவோ வரும். டியூப் ஜோடியில் இரண்டும் ஒரே அளவுக்குப் பிதுக்கப்பட்டிருக்க வேண்டும். ஒன்று தட்டையாகி மற்றது கொழுகொழுவென்று இருந்தால், யாரோ அளவு பார்க்காமல் கலந்திருக்கிறார்கள், அல்லது இவை ஒரே பெட்டியில் வந்த ஜோடியே இல்லை. எழுத்தைப் படித்து ஒன்று ரெசின், மற்றது ஹார்ட்னர் என்று உறுதிசெய்யாமல் தொட வேண்டாம். இரண்டு ரெசினைக் கலந்தால் எத்தனை நாள் வைத்தாலும் பிசுபிசுப்பு போகாது.

கடைசியாக ஒரு விசித்திரப் பிறவி: தட்டையான சின்னப் பிளாஸ்டிக் பாட்டில், புதிதாக வாங்கியதே பாதிதான் நிரம்பியிருக்கும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. இது போல்ட், நட் கழலாமல் பிடிக்கும் திரெட் லாக்கர். காற்று இருக்கும் வரை திரவமாகவே இருக்கும். உலோகத்துக்கு நடுவே காற்றில்லாத இடுக்கில்தான் இறுகும். அதனால்தான் பாட்டிலுக்குள் காற்றுக்கு இடம் விடுகிறார்கள். சிவப்புப் பாட்டிலைப் பார்த்துச் சிவப்பு வகை என்று எழுதிவிடாதீர்கள். சிவப்புப் பாட்டிலுக்குள் நீலத் திரவம் இருப்பது சகஜம். லாக்டைட் கம்பெனிப் பாட்டிலில் 243 என்றால் நீலம், சாதாரண ஸ்பேனரால் கழற்றலாம். 271 என்றால் சிவப்பு, கழற்றச் சூடேற்ற வேண்டிவரும். எண்ணைப் படியுங்கள், அல்லது மூக்கு நுனியில் ஒட்டியிருக்கும் சொட்டின் நிறத்தைப் பாருங்கள்.

துப்பாக்கியில் போடும் கார்ட்ரிட்ஜ்

எல்லாவற்றிலும் ஏமாற்றுவது இதுதான். சுமார் 300 மில்லி பிடிக்கும் உருளை, கூம்பு மூக்கு. சிலிக்கோன், அக்ரிலிக், பாலியூரத்தேன் மூன்றும் இதே உருவில், வெள்ளையிலும் சாம்பலிலும் கறுப்பிலும் வருகின்றன. புதியவர்கள் எல்லாவற்றையும் சிலிக்கோன் என்றே சொல்லிவிடுவார்கள்.

உருளையின் உடல் பிளாஸ்டிக்கா அலுமினியமா என்று முதலில் பாருங்கள். அலுமினிய உடலோ, சாசேஜ் போன்ற ஃபாயில் பொதியோ என்றால் பாலியூரத்தேனாக இருக்க வாய்ப்பு அதிகம். பிளாஸ்டிக் உடலில் சிலிக்கோனும் இருக்கலாம், அக்ரிலிக்கும் இருக்கலாம். அடுத்து லேபிளில் பெயிண்ட் அடிக்கலாம் என்றோ, தண்ணீரால் கழுவலாம் என்றோ இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அக்ரிலிக், வழக்கமான சிலிக்கோன் மேல் பெயிண்ட் நிற்காது, உருண்டு ஓடிவிடும். அக்ரிலிக் ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள விரிசலுக்கு நல்லது, எப்போதும் தண்ணீர் நிற்கும் இடத்துக்கு ஆகாது.

லேபிள் போய்விட்டதா? மூக்குக்குள் காய்ந்த அடைப்பை ஒரு ஆணியால் இழுத்து வெளியே எடுத்துப் படமெடுக்கச் சொல்லுங்கள். சிலிக்கோன் அடைப்பு முழுசாக வழுக்கிக்கொண்டு வரும், இழுத்துவிட்டால் ரப்பர் பேண்ட் போலப் பழைய நீளத்துக்குத் திரும்பும். அக்ரிலிக் காய்ந்து சுருங்கி மூக்கின் சுவரை விட்டு விலகியிருக்கும், அவ்வளவாக நீளாது. பாலியூரத்தேன் கெட்டி ரப்பராக மூக்கைக் கவ்விப் பிடித்திருக்கும், எளிதில் வராது.

சிலிக்கோன் என்று முடிவானாலும் இன்னொரு கேள்வி பாக்கி, அதற்குப் படம் பதில் சொல்லாது. சிலிக்கோனில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியே விடும், வினிகர் நாற்றம் அடிக்கும். மற்றது நியூட்ரல், அந்த நாற்றம் இல்லாதது. ஒரு சொட்டு வெளியே எடுத்து மோந்து பார்க்கச் சொல்லுங்கள். வினிகர் வாசம் வந்தால் கண்ணாடிக்கும் செராமிக் டைலுக்கும் சரி. செம்புக் கம்பி, சர்க்யூட் போர்டு, முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்பூச்சு, மார்பிள், சிமெண்ட் பூச்சு இவற்றுக்கு வேண்டாம்: அமிலம் செம்பை அரிக்கும், கண்ணாடிப் பூச்சைக் கறுக்கவைக்கும், மார்பிளில் கறை விடும், சிமெண்டிலோ சரியாகப் பிடிக்கவே பிடிக்காது. குளியலறைக் கண்ணாடியின் ஓரத்தில் சில மாதத்தில் கறுப்புத் திட்டு பரவினால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

டேப் ரோல்கள்

ரோலில் முதலில் பக்கவாட்டைப் பாருங்கள். அடுக்குகளுக்கு நடுவே வேறு நிறத்தில் மெல்லிய கோடு ஓடினால் உள்ளே பிரித்தெடுக்கும் தாள் இருக்கிறது என்று பொருள். இருபக்க டேப், அலுமினிய டேப், பியூட்டைல் டேப் போன்றவை அப்படித்தான் சுற்றப்படும். கோடில்லை என்றால் அது தன்மேலேயே ஒட்டிச் சுற்றிய சாதாரண டேப்.

வெள்ளி நிற ரோல்தான் ஆபத்தான குழப்பம். டக்ட் டேப்பும் வெள்ளி, அலுமினிய ஃபாயில் டேப்பும் வெள்ளி. டக்ட் டேப்பின் மேல் துணி இழைகளின் கட்டம் தெரியும், கையால் கிழித்த நுனியில் நூல் தொங்கும். ஃபாயில் டேப் கண்ணாடி போல மின்னும், ஒருமுறை மடித்தால் மடிப்பு அப்படியே நிற்கும், உரித்த நுனியில் தாள் இருக்கும். அது உலோகம், மின்சாரத்தைக் கடத்தும். ஒயரின் மேல் சுற்றினால் பாதுகாப்புக்குப் பதில் ஷாக் கிடைக்கும்.

பழுப்பு நிறத்திலும் இரண்டு உண்டு. பார்சல் ஒட்டும் பிரவுன் டேப் 48 மில்லிமீட்டர் அளவுக்கு அகலம், நிறம் அடர்த்தி. கேப்டான் எனப்படும் பாலிஇமைடு டேப் தங்க நிறத்தில் ஒளி ஊடுருவும், வீட்டில் பார்ப்பது பெரும்பாலும் குறுகிய ரோல். செல்போன் ரிப்பேர் மேசையில் சூடுபடும் இடத்தை மறைக்க அதைத்தான் வைப்பார்கள், சுமார் 260 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். அந்த இடத்தில் பிரவுன் டேப்பை வைத்தால் சுருங்கி உருகிவிடும்.

வெள்ளையாக, 12 மில்லிமீட்டர் அகலத்தில், பிளாஸ்டிக் வளையத்துக்குள் இருக்கும் குட்டி ரோல் டெஃப்லான் டேப். உரித்த நுனி எங்கும் ஒட்டாமல் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். அதில் பசையே கிடையாது. குழாயின் மரையில் சுற்ற மட்டுமே அது. கரண்ட் வேலைக்கான இன்சுலேஷன் டேப் 18 மில்லிமீட்டர் அளவில், பளபளப்பாக, இழுத்தால் நீளும். வெயில் காலத்தில் ரோலின் பக்கவாட்டில் பசை கசிந்து தூசி அப்பியிருப்பதைப் படத்திலேயே பார்க்கலாம். அப்படியிருந்தால் பிடிமானம் கெட்டுப்போன பழைய ரோல். கறுப்பாக, தடியாக, நடுவே தாளோடு இருந்து, தொட்டால் பிசுக்கே இல்லை என்றால் அது இழுத்துச் சுற்றினால் தனக்குத்தானே ஒன்றாகிவிடும் ரப்பர் டேப்.

மாஸ்கிங் டேப்பை யாரும் தவறவிடுவதில்லை: இளமஞ்சள், சுருக்கம் விழுந்த காகிதம்.

ஒரு படத்தை முழுசாகப் பார்ப்போம்

மொட்டைமாடியில் சோலார் வாட்டர் ஹீட்டரிலிருந்து இறங்கும் குழாய் இரண்டு இடத்தில் கசிகிறது என்று சித்தப்பா ஒருவர் படம் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பித்தளை மரை இணைப்பில் ஒரு கசிவு, அதை அடுத்த குழாய் ஒட்டில் இன்னொன்று. பலகையில் இடமிருந்து வலமாக: லேபிள் தேய்ந்த தகர டப்பா, முதுகைக் காட்டி நிற்கும் வெள்ளைக் கார்ட்ரிட்ஜ், தட்டையான சிவப்புக் குட்டிப் பாட்டில், வெள்ளி ரோல், வெள்ளைக் குட்டி ரோல், பெயரே இல்லாத சாம்பல் டியூப்.

தகர டப்பாவின் ஓரத்தில் மஞ்சள் சொட்டு வழிந்து காய்ந்திருக்கிறது. ரப்பர் பசையா, குழாய்ப் பசையா?

"சித்தப்பா, மூடியத் தூக்கி ஒரு படம், டப்பா பின்னாடி இருக்கிற சின்ன எழுத்த ஒரு படம் எடுத்து அனுப்புங்க."

"மூடியில பிரஷ் தொங்குதுடா. பின்னாடி ஏதோ எஃப் 493னு போட்டிருக்கு."

அப்படியென்றால் சி.பி.வி.சி. பசை, வகை சரி. ஆனால் நிலைமை சரியா என்று படத்தில் தெரியாது. டப்பாவைச் சாய்த்து ஒரு சின்ன வீடியோ கேட்கிறோம். உள்ளே இருப்பது ஓடாமல், அல்வாத் துண்டு மாதிரி மொத்தமாக நகர்கிறது. கரைப்பான் போய்விட்டது. தின்னர் ஊற்றி இளக்கலாம் என்று சித்தப்பா சொல்வார், கேட்கக் கூடாது. இளக்கினாலும் குழாயின் மேற்பரப்பைக் கரைத்து இணைக்கும் சக்தி திரும்ப வராது. புதிய டப்பா வாங்க வேண்டும். பழைய ஒட்டின் மேல் பூசுவதும் வீண். அந்தத் துண்டை வெட்டியெடுத்து, புதிய கப்ளிங் வைத்து ஒட்டினால்தான் நிற்கும்.

மரைக்கு என்ன போடுவது? சிவப்புப் பாட்டில் பாதி காலி, மூக்கில் நீலச் சொட்டு. பைக்குக்கு வாங்கிய திரெட் லாக்கர். "மரையத்தான பிடிக்கும், இதையே போட்டா என்ன?" என்று கேட்பது நியாயம்தான். ஆனால் இந்தத் திரவம் பட்டால் சில பிளாஸ்டிக்குகள் இழுவிசையில் வெடிப்பு விடும். பித்தளைக்கு மறுபக்கம் சி.பி.வி.சி. இருப்பதால் அதை அப்படியே வைத்துவிடச் சொல்கிறோம். வெள்ளைக் குட்டி ரோலைப் பத்து ரூபாய் நாணயத்தோடு பார்த்தால் அகலம் அதில் பாதிக்கும் சற்றுக் குறைவு, நுனி ஒட்டாமல் தொங்குகிறது: டெஃப்லான். இதுதான் வேண்டியது. மரையின் முனை நம்மைப் பார்த்திருக்க, கடிகார முள் சுற்றும் திசையிலேயே இழுத்துப் பிடித்துச் சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால் முறுக்கும்போதே டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். அதைப் பார்த்தாலே தவறு தெரியும்.

வெள்ளைக் கார்ட்ரிட்ஜைத் திருப்பியதில் பெயிண்ட் அடிக்கலாம் என்று எழுதியிருக்கிறது. அக்ரிலிக். கசியும் குழாயின் மேல் இதைப் பூசிவிடலாம் என்று சித்தப்பா நினைத்திருந்தார். அழுத்தத்தோடு வரும் தண்ணீரை வெளிப்பூச்சு எதுவும் நிறுத்தாது. வெள்ளி ரோலின் பக்கவாட்டில் தாள் கோடு, மேலே கண்ணாடி மினுக்கம்: ஃபாயில் டேப். சுடுதண்ணீர்க் குழாயின் மேல் சுற்றியிருக்கும் நுரை உறை கிழிந்த இடத்தை மூட அது பொருத்தமானது. ஹீட்டரின் ஒயர் பக்கம் மட்டும் போகக் கூடாது.

மிஞ்சியது பெயரில்லாத சாம்பல் டியூப். நுனியில் கறுப்பாகக் காய்ந்திருக்கிறது. மெக்கானிக் கடைகளில் இன்ஜின் மூடிக்குப் போடும் ஆர்.டி.வி. சிலிக்கோனாக இருக்கலாம், டிவி, ரேடியோ ரிப்பேருக்கு வாங்கிய வேறொன்றாகவும் இருக்கலாம். ஒரு பட்டாணி அளவு அட்டையில் பிதுக்கி இரவு முழுக்க விடச் சொல்லுங்கள். காலையில் மேலே தோல் கட்டி, இழுத்தால் ரப்பராகத் திரும்பினால் சிலிக்கோன் குடும்பம். பழைய பக்கெட்டின் விரிசல், கதவடியில் சத்தம் வராமல் ஒரு திண்டு, இந்த மாதிரி தோற்றாலும் நஷ்டமில்லாத வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். எத்தனை டிகிரி தாங்கும், வெளிவிடுவது அமிலமா இல்லையா என்பது லேபிளோடு போய்விட்டது; ஆகவே இன்ஜினுக்கும், மீன் தொட்டிக்கும், சர்க்யூட் போர்டுக்கும் அது கிடையாது. காலையிலும் பிசினாகவே இருந்தால் குப்பைக்கு. பட்டாணி இறுகி ரப்பரானால், டியூப்பின் மேல் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி "சிலிக்கோன், வகை தெரியாது" என்று பேனாவால் எழுதி, எழுத்து வெளியே தெரியும்படி நிறுத்திவைக்கச் சொல்லுங்கள்.